ஒரு பரப்புக்கு ஒன்பது லோட் போதுமா?

“ஒரு பரப்புக் காணியை ஒரு அடி உயர்த்த 27 கியூப் மண், அதாவது 3 கியூப் டிப்பரில் 9 லோட் போதும்.”

இப்படிப் பதிவு போட்ட அண்ணா, பெருக்கல் சரிதான். ஒரு பரப்பு ஏறத்தாழ 2,722 சதுர அடி, ஒரு கியூப் 100 கன அடி. ஆனால் 27 என்பது இறுகிய பிறகு இருக்கவேண்டிய மண். டிப்பரில் வருவதோ வெட்டி அள்ளிய பொலபொலப்பான மண். மிதிபட்டு ஒரு மாரி மழை கண்டால் இறங்கிவிடும்.

எவ்வளவு இறங்கும் என்பது மண்ணைப் பொறுத்தது. முதல் லோட் வந்ததும் ஒரு வாளியில் 10 அங்குலத்துக்கு நிரப்பி, கொஞ்சம் ஈரமாக்கி, நன்றாக இடித்துப் பாருங்கள். 8 அங்குலத்துக்கு வந்தால் 27.2-ஐ 10-ஆல் பெருக்கி 8-ஆல் வகுக்க வேண்டும்: 34 கியூப். 11 லோட்டில் 33தான் வரும், ஆகவே 12 லோட். டிப்பர் பெட்டியின் உள்நீளம், அகலம், மண் நிற்கும் உயரம் மூன்றையும் நாடாவால் அளந்துவிடுங்கள். எல்லா ‘3 கியூப்’பும் 300 கன அடி இல்லை.

அந்தப் பதிவுக்குக் கருத்து எழுதிய தங்கச்சி ஒருவர் தன் கத்தரிப் பாத்திக்குக் கணக்கு அப்படியே பொருந்தியது என்கிறார். பாத்தியை யாரும் இடிப்பதில்லையே! அதுவும் மழைக்குப் பிறகு எவ்வளவு நிற்கிறது என்று அவரே சொல்லட்டும்.