குறிப்பில் இல்லாததற்கு மதிப்பெண் கிடையாதாம்

ஒரு பயிற்சி மையத்தில் திருத்திய விடைத்தாளின் படத்தை முந்தாநாள் பகிர்ந்திருந்தேன், பார்த்தவர்களுக்கு விஷயம் தெரியும். பார்த்ததிலிருந்து எனக்கு மனசு ஆறவே இல்லை. நாலு பக்கம் எழுதிய பிள்ளைக்கு 15க்கு 5. மூன்றாம் பக்கத்தின் ஓரத்தில் சிவப்பு மையில் ‘குறிப்பில் இல்லை’ என்று எழுதி, கீழே ஒரு கோடு. அந்தப் பயிற்சி மையத்தின் பெயரைச் சொல்லச் சொல்லி நிறையப் பேர் கேட்டீர்கள். சொல்ல மாட்டேன். அந்தப் பிள்ளை இன்னும் அங்கேதான் படிக்கிறாள்.

கேள்வி இதுதான்: ‘தொழில்மயச் சமூகங்களில் தொழிற்சங்கங்களும் தொழிலாளர் இயக்கங்களும் வளர்ந்த விதத்தை விளக்குக.’ நல்ல கேள்வி. விடைக்குறிப்பில் ஏழு வரி. தொழிற்புரட்சி, நீண்ட வேலைநேரம், குறைந்த கூலி, பெண்கள் குழந்தைகள் உழைப்பு, சங்கங்களின் தோற்றம், வேலைநிறுத்தங்கள், தொழிலாளர் நலச் சட்டங்கள். வரிக்கு 2, நடைக்கு 1. அந்தப் பிள்ளையின் விடையில் இரண்டு வரி ‘பொருந்தியது’. ஆக 4, நடைக்கு 1. கணக்கு சரியாகத்தான் இருக்கிறது.

ஆனால் அந்த ஏழு வரியையும் வரிசையாக எழுதிவிட்டு 15 வாங்கும் ஒருவருக்குத் தொழிற்சங்கம் எப்படி வளர்ந்தது என்று தெரிந்திருக்க வேண்டியதே இல்லை. கூலி குறைவு, அதனால் சங்கம் வந்தது. சங்கம் வந்தது, அதனால் சட்டம் வந்தது. நடுவில் என்ன நடந்தது? ‘விதத்தை விளக்குக’ என்றுதானே கேட்டிருக்கிறார்கள். அந்த விதத்தை எழுதியவளுக்குத்தான் 5.

அவள் என்ன எழுதினாள் என்று சொல்கிறேன். ஒரு தொழிலாளி தனியாக வேலையை நிறுத்தினால் அவனை அனுப்பிவிட்டு வேறு ஆள் போட்டுக்கொள்ளலாம். எல்லோரும் சேர்ந்து நிறுத்தினால்தான் முதலாளி பேச வருவார். அப்படிச் சேர்ந்து நிறுத்துவதைத்தான் சட்டம் ‘சதி’ என்றது. இங்கிலாந்தில் 1799, 1800 சட்டங்கள் கூலிக்காக ஒன்றுசேர்வதையே குற்றமாக்கின. 1824இல் அவை நீக்கப்பட்டன. அதோடு கதை முடிந்தது என்று நம் பாடநூல்கள் அடுத்த தலைப்புக்குப் போய்விடும். முடியவில்லை என்பதுதான் அவள் எழுதியது.

1900இல் தெற்கு வேல்ஸில் டாஃப் வேல் ரயில்வேயில் வேலைநிறுத்தம். கம்பெனி சங்கத்தின் மீதே வழக்குப் போட்டது. 1901இல் அப்போது கடைசி மேல்முறையீட்டைக் கேட்ட பிரபுக்கள் அவை கம்பெனி பக்கம் தீர்ப்புச் சொன்னது: வேலைநிறுத்தத்தால் வந்த நட்டத்துக்குச் சங்கத்தின் பணத்திலிருந்து ஈடு வாங்கலாம். நட்டஈடு 23,000 பவுண்டு. வழக்குச் செலவோடு சேர்த்து மொத்தம் 42,000 வரை போனது. அதற்குப் பிறகு சங்கம் வைத்துக்கொள்ள எந்தத் தடையும் இல்லை, வேலைநிறுத்தம் செய்தால் மட்டும் சங்கம் ஓட்டாண்டி. அந்த அடியில்தான் சங்கங்கள் தங்கள் ஆட்களைப் பாராளுமன்றத்துக்கே அனுப்ப வேண்டும் என்று முடிவு செய்து, அப்போது புதிதாக இருந்த தொழிலாளர் பிரதிநிதித்துவக் குழுவில் கூட்டங்கூட்டமாகச் சேர்ந்தன. 1906 தேர்தலில் அந்தக் குழுவின் 29 பேர் உள்ளே போனார்கள். அதே ஆண்டு சட்டம் மாறியது.

இது இரண்டு பக்கம். அடுத்து அவள் சென்னைக்கு வந்தாள். சிவப்பு மை விழுந்தது இங்கேதான்.

1918 ஏப்ரல் 27, சென்னைத் தொழிலாளர் சங்கம். பி.பி.வாடியா தலைவர், திரு.வி.க. உடன் நின்றார். பக்கிங்காம், கர்னாடிக் மில் தொழிலாளர்களின் சங்கம். 1920 கடைசியில் பக்கிங்காம் மில்லில் தகராறு முற்றியபோது நிர்வாகம் சென்னை உயர் நீதிமன்றம் போனது. வேலைக்குத் திரும்பாதீர்கள் என்று தொழிலாளர்களைத் தூண்டுவது ஒப்பந்தத்தை மீறச் செய்வது என்று சொல்லி, வாடியா முதலானோருக்கு எதிராக இடைக்காலத் தடை வாங்கியது. டாஃப் வேலில் எடுத்த அதே ஆயுதம், இருபது வருடம் கழித்து இங்கே. கடைசியில் வாடியா சங்கத்தைவிட்டு விலகினார். 1921 மார்ச்சில் தொழிலாளர் தலைவர் என்.எம்.ஜோஷி மத்திய சட்டமன்றத்தில் சங்கங்களைப் பதிவு செய்யவும் காக்கவும் சட்டம் வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். 1926இல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. அதன் 17ஆம் பிரிவு, பதிவான சங்கத்தின் நியாயமான நோக்கத்துக்காகச் சேர்ந்து முடிவெடுப்பதைக் குற்றச்சதி ஆக்கக் கூடாது என்றது. 18ஆம் பிரிவு, தொழில் தகராறின்போது வேலை ஒப்பந்தத்தை மீறத் தூண்டினார் என்ற ஒரே காரணத்துக்காக உரிமையியல் வழக்குப் போட முடியாது என்றது.

சென்னை மில்லின் அந்தத் தடையாணைக்கு இந்த 18ஆம் பிரிவு நேர் பதில். ஒரு காரணம், ஒரு விளைவு, நடுவில் ஐந்து வருடப் போராட்டம். இதை எழுதிய பத்திக்குத்தான் ‘குறிப்பில் இல்லை’. குறிப்பின் ஏழாவது வரி என்ன? தொழிலாளர் நலச் சட்டங்கள். 1926 சட்டம் அதில் சேராது என்று திருத்தியவர் நினைத்தாரா, அல்லது அந்தப் பக்கத்தைப் படிக்கவே இல்லையா? இரண்டில் எது என்றாலும் எனக்கு வலிக்கிறது.

‘சார், ஒருநாளைக்கு அறுபது பேப்பர் திருத்துகிறவருக்குக் குறிப்பு இல்லாமல் முடியுமா’ என்று கேட்பீர்கள். முடியாதுதான். முப்பத்தோரு வருடம் நானும் திருத்தியிருக்கிறேன். கோடையில் மின்விசிறி இல்லாத அறையில் உட்கார்ந்து திருத்தியிருக்கிறேன். குறிப்பு வேண்டாம் என்று நான் எங்கே சொன்னேன்? குறிப்பைத் தலைப்புகளாகப் போடாதீர்கள், தொடர்புகளாகப் போடுங்கள் என்கிறேன். சேர்ந்து நிற்க ஏன் தேவை வந்தது என்பதற்கு 3. சட்டம் எப்படித் தடுத்தது, எந்த வழக்கில், அந்தத் தடை எப்படி நீங்கியது என்பதற்கு 6. கைத்திறன் உள்ளவர்களின் சங்கத்திலிருந்து 1889 லண்டன் துறைமுகக் கூலிகள்போல் திறன் பயிற்சி இல்லாதவர்களின் சங்கத்துக்கு எப்படி நகர்ந்தது என்பதற்கு 3. சங்கத்தால் முடியாமல் போனது எது என்பதற்கு 3. எந்த நாட்டு உதாரணம் வந்தாலும் மதிப்பெண் உண்டு, காரணமும் விளைவும் இணைந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். இப்படி ஒரு குறிப்பை வைத்துக்கொண்டு அறுபது பேப்பர் தாராளமாகத் திருத்தலாம்.

‘சட்டப் பிரிவெல்லாம் இந்தத் தேர்வுக்குத் தேவையா’ என்று ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார். பிரிவு எண் தேவையில்லை, அது என்ன செய்தது என்பது தேவை.

‘சங்கத்தால்தான் மில்லெல்லாம் மூடினது, அதையும் எழுதச் சொல்லுங்க.’ படத்தின் கீழே இதை எழுதியவர் என்னோடு படித்தவர், அதனால்தான் கூடுதலாகச் சுடுகிறது. சங்கம் எதையும் கெடுத்ததில்லை என்று நான் சொல்லவே இல்லை. அந்தக் கடைசி 3 மதிப்பெண் அதற்குத்தானே. 1921இல் அதே சென்னை மில்களில் மறுபடியும் வேலைநிறுத்தம் வந்தபோது ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பலர் வேலைக்குத் திரும்பினார்கள். புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன, துப்பாக்கிச் சூடு நடந்தது. சேர்ந்து நிற்பது என்றால் யார் யார் சேர்ந்து என்ற கேள்விக்கு அந்தச் சங்கத்தால் பதில் சொல்ல முடியவில்லை. அதை எழுதும் பிள்ளைக்கு நான் முழு மதிப்பெண் போடுவேன். ஆனால் பழைய எந்திரத்தை மாற்றாமல் வைத்திருந்தது யார், பஞ்சு விலை ஏறியபோது ஷிப்டைக் குறைத்தது யார் என்று எதையும் கேட்காமல், ‘சங்கத்தால் மூடியது’ என்று ஒரே வரியில் முடிப்பவருக்கு அரை மதிப்பெண்கூடப் போட மாட்டேன், நண்பராக இருந்தாலும்.

என் அப்பா மதுரையில் ஒரு மில்லில் நூல் நூற்கும் ரிங் பிரேமில் இருந்தார். பதிலியாக ஆறு வருடம் கேட்டில் காத்துக் கிடந்து, பிறகு நிரந்தரம். சங்கு ஊதினால் எங்கள் தெருவே எழுந்துகொள்ளும். ராத்திரி ஷிப்ட் முடித்து வரும்போது புருவத்தில் பஞ்சு ஒட்டியிருக்கும். நான் எட்டாவது படிக்கையில் நாற்பது நாளுக்கு மேல் வேலைநிறுத்தம். மளிகைக் கடை அண்ணாச்சி நோட்டை மூடி வைத்துவிட்டார். அம்மா தோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டுக் காதில் வேப்பங்குச்சி வைத்துக்கொண்டாள்.

அப்போது ஒருநாள் அப்பா ஒரு காகிதத்தைக் கொண்டுவந்து என்னிடம் நீட்டினார். ‘படிடா, கோர்ட்டுல இருந்து வந்திருக்காம்.’ கேட்டுக்கு முன்னால் கூட்டம் போடக் கூடாது, வேலைக்குப் போகிறவர்களை மறிக்கக் கூடாது என்று தடையாணை. கேட்டவர் முகம் செத்துப்போனது. ‘அப்ப வேலைக்குப் போகாம இருக்கதே தப்புன்னு சொல்லுதா?’ எனக்குப் பதில் தெரியவில்லை. சட்டத் தமிழ் எனக்கு எங்கே விளங்கும். அவர் அன்று ராத்திரி தூங்கவில்லை, போலீஸ் வரும் என்று வாசலையே பார்த்துக்கொண்டு இருந்தார்.

மறுநாள் சங்க ஆபீசில் வக்கீல் விளக்கிச் சொன்னாராம். கேட்டில் நிற்பதைத்தான் ஆணை தடுக்கிறது, வேலையை நிறுத்தியதை இல்லை. மறித்தால், கல்லெறிந்தால் சங்கம் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. சேர்ந்து வேலையை நிறுத்தியதற்காக மட்டும் வழக்குப் போட முடியாது. கூட்டத்தைக் கண்மாய்க் கரைப் புளியமரத்தடிக்கு மாற்றினார்கள். அப்பா திரும்பி வந்து சோறு கேட்டார்.

அன்று அவரைக் காப்பாற்றியது 18ஆம் பிரிவு என்று எனக்குத் தெரிந்தது கல்லூரியில் படிக்கும்போது. அதற்குள் அப்பா இல்லை. ‘நீங்க சங்கத்துக்காரர் மகன், அதான் வக்காலத்து’ என்பவர்களுக்கு இதுதான் பதில்: ஆமாம், மகன்தான். அந்தக் காகிதத்தை வாசித்தும் விளங்காமல் நின்ற பையன் நான். அந்தப் பிள்ளை மூன்றாம் பக்கத்தில் எழுதியிருந்தது அன்று எனக்குத் தெரிந்திருந்தால் அப்பா அந்த ராத்திரி தூங்கியிருப்பார்.

நேற்று அவள் விடைத்தாளை வாங்கி வந்து நானே திருத்தினேன். 15க்கு 11. இங்கிலாந்தில் டால்பட்டில் என்ற ஊரின் வயல் கூலிக்காரர்கள் ஆறு பேர் 1834இல் சங்கம் வைத்ததற்காக நாடு கடத்தப்பட்டார்கள் என்று எழுதியிருந்தாள், அங்கே 1 குறைத்தேன். சங்கம் அப்போது குற்றமில்லை, ரகசியச் சத்தியம் செய்தார்கள் என்று 1797 சட்டத்தைத் தேடி எடுத்துத்தான் ஏழு வருடம் கொடுத்தார்கள். நேராகத் தடுக்க முடியாதபோது வேறு சட்டத்தின் வழியாக வருவார்கள் என்ற அவளுடைய வாதத்துக்கே அது பலம் சேர்க்கும் என்று ஓரத்தில் எழுதினேன். துறைமுக வேலைநிறுத்தமோ திறன் பயிற்சி இல்லாதவர்களின் சங்கம் பற்றிய வேறு உதாரணமோ இல்லை, அதற்கு 3 குறைத்தேன்.

காட்டியதும் அவள் முதலில் பார்த்தது 11ஐ இல்லை, ஓரத்தில் எழுதியதை. ‘சார், 1797 சட்டம் எதுக்காகக் கொண்டுவந்தது?’ என்றாள். கடற்படைக் கலகத்துக்காக என்றேன். கப்பல்காரர்களுக்குப் போட்டதை வயல் கூலிக்காரர்கள் மேல் எப்படிப் போட்டார்கள் என்று கேட்டுக்கொண்டு அங்கேயே திண்ணையில் உட்கார்ந்துவிட்டாள்.