உண்மை விளக்கம்: ஆங்கிலக் கேள்வியில் ‘சம்’ வரக்கூடாதா?

வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தி: “கேள்வி என்றாலும் எதிர்மறை வாக்கியம் என்றாலும் ‘எனி’தான். சாதாரண வாக்கியத்தில் ‘எனி’ வராது. ‘வுட் யூ லைக் சம் வாட்டர்?’ என்பது தப்பு.”

இல்லை, அந்த வாக்கியம் சரியானதே. ஒருவருக்கு எதையாவது கொடுக்க முன்வரும்போதும், ‘கேன் ஐ ஹேவ் சம் வாட்டர்?’ என்று கேட்டு வாங்கும்போதும் ‘சம்’தான் இயல்பு. ‘ஆம்’ என்ற பதிலை எதிர்பார்த்துக் கேட்கிறோம் அல்லவா, அதுதான் காரணம்.

சம்படி, எனிபடி போன்ற கூட்டுச் சொற்களும் இதே வழிதான். கதவு தட்டும் சத்தம் காதில் விழுந்தபின் ‘இஸ் சம்படி அட் த டோர்?’ என்போம், யாரோ இருப்பதாக நினைக்கிறோம். எந்தச் சத்தமும் இல்லாமல் பொதுவாக விசாரித்தால் ‘இஸ் எனிபடி அட் த டோர்?’ இரண்டும் சரி, எதிர்பார்ப்புதான் வேறு.

சாதாரண வாக்கியத்தில் ‘எனி’ வராது என்பதும் தவறு. ‘யூ கேன் டேக் எனி சீட்’ என்றால் எந்த இருக்கையானாலும் சரி என்று பொருள். ‘ஐ டோன்ட் ஹேவ் எனி மனி’ போன்ற எதிர்மறை வாக்கியங்களில் ‘எனி’ என்பது மட்டும் அந்தச் செய்தியில் உருப்படியான பகுதி.

கேம்பிரிட்ஜ் இணைய அகராதியின் இலக்கணப் பகுதியில் சரிபார்க்கலாம். அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம்.