'யார் வந்தார்கள்?', 'யார் வரவில்லை?': இரண்டும் ஒரே கேள்வியா?

ஒரு வாக்கியம் உண்மையா பொய்யா என்று கேட்கலாம். கேள்வியை அப்படிக் கேட்க முடியாது. அப்போது கேள்விக்குப் பொருள் என்று எதைச் சொல்வது? எவையெல்லாம் விடையாகும் என்று தெரிந்தால் கேள்வி புரிந்துவிட்டது என்றார் ஆஸ்திரேலியத் தத்துவவாதி சார்ல்ஸ் ஹாம்பிளின் (1958). 1973-இல் அவர் எழுதிய கட்டுரையில், கேள்வியின் பொருளே சாத்தியமான விடைகளின் கணம்தான்.

1984-இல் குரூனென்டைக், ஸ்டோக்ஹொஃப் என்ற இரு டச்சுக்காரர்கள் வேறு வழியில் போனார்கள். கூட்டத்துக்கு வரவேண்டியவர்கள் செல்வி, கபீர் இருவர் மட்டும் என்று வையுங்கள். உலகம் நான்கு விதமாக இருக்கலாம்: இருவரும் வந்தது, செல்வி மட்டும் வந்தது, கபீர் மட்டும் வந்தது, யாருமே வராதது. 'யார் வந்தார்கள்?' என்ற கேள்வி இந்த நான்கையும் தனித்தனி அறைகளாகப் பிரிக்கிறது. இந்தப் பிரிவினைதான் கேள்வியின் பொருள் என்றார்கள். 'செல்வி வந்தாள்' என்றால் இரண்டு அறைகள் அடிபடும், இரண்டு மிஞ்சும். அது பாதி விடை. 'செல்வி மட்டும்தான்' என்றால் ஒரே அறை மிஞ்சும், முழு விடை.

அழகான கணக்கு. ஆனால் 'யார் வரவில்லை?' என்று கேட்டுப் பாருங்கள். அதே நான்கு அறைகள்தான் வரும். பிரிவினை மட்டுமே பொருள் என்றால் இரண்டும் ஒரே கேள்வி ஆகிவிடும்! ஆனால் இரண்டுக்கும் 'செல்வி' என்று ஒரே சொல்லில் பதில் சொன்னால், முதலில் அவள் வந்தாள், அடுத்ததில் வரவில்லை. அறைகளை மட்டும் வைத்துக்கொண்டு இந்த வித்தியாசத்தை எப்படி எடுப்பது? அவர்களும் இதை அறிந்தவர்கள்தான். அதனால் பிரிவினைக்கு அடியில் 'வந்தவர்' என்ற பண்பைத் தனியாக வைத்திருந்தார்கள்.

ஹாம்பிளின் கணத்தில் இந்தச் சிக்கலே இல்லை. ஒன்றில் இருப்பவை 'செல்வி வந்தாள்', 'கபீர் வந்தார்'. மற்றதில் 'செல்வி வரவில்லை', 'கபீர் வரவில்லை'. என் கட்சி இதுதான்: அடிப்படை என்பது கணம்தான்; பிரிவினை அதிலிருந்து பிறப்பது. கணத்தில் உள்ள எந்தெந்த விடைகள் ஓர் உலகில் உண்மையோ, அதே விடைகள் உண்மையாகும் உலகங்களை ஓர் அறையில் போட்டால் பிரிவினை தானாக வந்துவிடும். பிரிவினையிலிருந்து கணத்துக்குத் திரும்ப வழியில்லை.

அதற்காகப் பிரிவினை வீண் என்று சொல்லவில்லை. 'யார் வந்தார்கள் என்று மேலாளருக்குத் தெரியும்' என்கிறோம். வந்தது செல்வி மட்டும். மேலாளரோ கபீரும் வந்ததாக நம்புகிறார் என்றால், அவருக்குத் தெரியும் என்று ஒத்துக்கொள்வோமா? மாட்டோம். சரியான அறை எது என்பது வரை அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஆனால் நள்ளிரவில் காய்ச்சல் குழந்தையோடு 'எந்த மருந்துக்கடை திறந்திருக்கும்?' என்று கேட்பவரை நினையுங்கள். பக்கத்தில் மூன்று கடைகள், அதாவது எட்டு அறைகள். 'பேருந்து நிலையத்துக் கடை' என்ற பதிலுக்குப் பிறகும் நான்கு அறைகள் மிஞ்சுகின்றன. பிரிவினைக் கணக்கில் அது அரைகுறை விடை. கேட்டவரோ அதற்குள் கிளம்பியிருப்பார். கணத்திலிருந்து உண்மையான விடை ஒன்று கிடைத்ததே அவருக்குப் போதும்.