விடுபட்ட வகுப்புக்குப் படங்கள் மட்டும் போதா

வகுப்புக்கு வராத தோழிக்குக் கரும்பலகைப் படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டால் பாடத்தையே அனுப்பிவிட்டதாகப் பிள்ளைகள் எண்ணுகிறார்கள். ஆசிரியர் நடத்திய வரிசையிலேயே ஒரு பக்கக் குறிப்பும் உடன் சென்றால்தான் அந்தப் படங்கள் பயன்படும் என்பது என் உறுதியான கருத்து.

காரைக்குடியில் பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகள், முன்னோருக்குப் படையலிடும் வீட்டுப் படைப்புக்காகக் கானாடுகாத்தான் போயிருந்த தோழிக்கு அப்படியொரு குறிப்பு எழுதினாள். அன்றைய பாடம் இருபடிச் சமன்பாடு. குழுவுக்கு வந்த படங்களில் சூத்திரம் முதலிலும், காரணிப்படுத்தல் அடுத்தும், வர்க்கப் பூர்த்தி கடைசியிலும் இருந்தன. அப்படியே படிக்கும் பிள்ளை, சூத்திரம் எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் மனப்பாடம்தான் செய்யும்.

வாட்ஸ்அப் படத்தின் பெயரிலுள்ள எண்ணை நம்பி வரிசைப்படுத்த முடியாது. படம் எடுத்த நேரத்தை அது காட்டாது. பலகையின் ஓரத்தில் அரைகுறையாக அழிந்திருந்த முந்தைய வரியையும் சமன்பாடுகளுக்கு ஆசிரியர் இட்ட எண்களையும் வைத்தே மகள் வரிசையைக் கண்டுபிடித்தாள். அவள் குறிப்பின் நடுப்பகுதி இது:

"முதலில் x² − 6x + 5 = 0. இதை (x − 1)(x − 5) = 0 எனப் பிரித்து 1, 5 என்ற மூலங்களைக் கண்டோம். அடுத்து x² + 4x − 1 = 0. பெருக்கினால் −1, கூட்டினால் 4 வரும் முழு எண்கள் இல்லாததால் காரணிப்படுத்த வரவில்லை. எனவே −1-ஐ வலப்பக்கம் கொண்டுபோய், 4-இன் பாதியை வர்க்கப்படுத்தி இருபக்கமும் கூட்டினோம். (x + 2)² = 5 என்றாகி, x = −2 ± √5 கிடைத்தது. இதே வேலையை ax² + bx + c = 0-க்குச் செய்தபோதுதான் சூத்திரம் வந்தது."

சூத்திரத்தில் அதே கணக்கைப் போட்டுக்காட்டிய படத்தில் விளக்கொளி பட்டு, c = −1 என்பது c = 1 போலத் தெரிந்தது. அப்படியே எழுதினால் −2 ± √3 வருகிறது. வர்க்கப் பூர்த்தியில் வந்த விடையோடு அது ஒத்துப்போகவில்லை. அதனால்தான் கழித்தல் குறி மறைந்திருப்பது தெரிந்தது. இரு முறைகளையும் நடத்திய வரிசையில் அடுத்தடுத்து எழுதியதால்தான் இந்தப் பிழை கண்ணில் பட்டது. விடையைத் திருத்தியதோடு, "படத்தில் குறி தெரியவில்லை, நான் போட்டுப் பார்த்துச் சேர்த்தேன்" என்றும் பக்கத்தில் எழுதினாள். இந்த நேர்மை எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

ஆசிரியர் வாயால் சொன்னது எதுவும் படத்தில் இராது. காரணிப்படுத்த வராததால் வேறு முறைக்குப் போனோம் என்பது பலகையில் எங்கும் இல்லை. வகுப்பில் இருந்தவள்தான் அதை எழுத முடியும்.

பாட வரிசையில் கடைசியாக வந்த படத்தில் b² − 4ac என்று மட்டும் இருந்தது. தன்மைகாட்டி என்று பெயர் சொன்னதும் மணி அடித்துவிட்டதாம். புத்தகத்தைப் பார்த்து மீதியை நிரப்பாமல், "இது நாளைக்கு" என்று எழுதி நிறுத்தினாள். மறுநாள் வகுப்பு எங்கிருந்து தொடங்கும் என்பது தோழிக்கு அந்த வரியிலிருந்தே தெரிந்திருக்கும்.