ஆஃப்சைட் என்றாலே இந்த வட்டம்தானா?

ஆபீஸ் ஆட்களை வெளியே கூட்டிப்போய், ஈசிஆர் ரிசார்ட்டில் 40 பேரை வட்டமாக நிற்கவைத்து, "உங்களைப் பத்தி ரெண்டு உண்மை, ஒரு பொய் சொல்லுங்க" என்கிறார்கள். முன்பின் தெரியாத ஆள் சொல்வதில் எது பொய்யென்று எப்படிக் கண்டுபிடிப்பது? கொஞ்சமாவது பழகியவர்களுக்கான விளையாட்டு அது. ஆளுக்கு 1 நிமிடம் என்றாலும் 40 நிமிடம் போய்விடும். நமக்கு முந்தைய ஆள் பேசுவது காதிலேயே ஏறாது, அடுத்து நாம் என்ன சொல்வதென்றே மனசு ஓடும். புதிதாகச் சேர்ந்த பெண் துப்பட்டா நுனியைத் திருகிக்கொண்டே நிற்கிறாள், பாவம்.

அதற்குப் பதிலாக இரண்டிரண்டு பேராக உட்காரவைத்து, "இப்ப எந்த வேலைல மாட்டிக்கிட்டு இருக்கீங்க?" என்று 5 நிமிடம் பேசவிடுங்கள். பிறகு இரண்டு ஜோடிகளைச் சேர்த்து, ஒவ்வொருவரும் தன் ஜோடியை அறிமுகப்படுத்தட்டும். நாலு பேர் முன்னால் பேச யாருக்கும் நாக்கு ஒட்டிக்கொள்ளாது. 15 நிமிடத்தில் முடிந்துவிடும், மூன்று பெயராவது மறுநாள் நினைவிருக்கும்.