ஒரு X மறைந்தால் பத்து வருஷம் போச்சு

ராயபுரம், பாரிமுனைப் பக்கம் பழைய கட்டடங்களின் அடிக்கல்லில் ரோமன் எண்ணில் வருஷம் இருந்தால் நின்று படிக்கவே பயமாக இருக்கிறது. ஒவ்வொரு முறை வெள்ளையடிக்கும்போதும் எழுத்துக் குழிகளை சுண்ணாம்பால் அடைத்துவிடுகிறார்களே! மிச்சத்தை உப்புக் காற்று அரித்துவிடுகிறது.

MDCCCXCVI என்று வைத்துக்கொள்வோம். ஆயிரம், நூறு, பத்து, ஒன்று என வெட்டிப் படிக்க வேண்டும்: M 1000, DCCC 800, XC 90, VI 6. ஆக 1896. அந்த X அடைபட்டால் MDCCCCVI, அதாவது 1906! நான்கு C தப்பு என்று ஒதுக்கவும் முடியாது. லண்டன் அட்மிரால்டி வளைவிலேயே 1910-ஐ MDCCCCX என்றுதான் வெட்டியிருக்கிறார்கள்.

கண்டுபிடிக்க வழி இடைவெளிதான். C-க்களுக்கு நடுவே ஓர் எழுத்து அகலத்துக்கு வெற்றிடம் இருந்தால் சந்தேகப்படுங்கள். டார்ச்சை நேராக அடித்தால் ஒன்றும் தெரியாது. கல்லை ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தால் பள்ளத்தில் நிழல் விழும். தயவுசெய்து ஆணியால் சுரண்டாதீர்கள், புதுக் கோடு விழுந்துவிடும்.

சினிமா முடிவில் ஓடும் வருஷம் இன்னும் கொடுமை. MCM என்றால் 1900, MM என்றால் 2000. அதைப் பிடிப்பதற்குள் திரை இருண்டுவிடுகிறது.