கூரியர் ரசீது மட்டும் போதாது

"கூரியர் ரசீதை அனுப்பினா போதும், சார்ஜ்பேக் பணம் திரும்ப வந்துரும்."

வராது அண்ணே. வாங்கியவர் தன் வங்கியில் புகார் செய்து, கார்டில் கட்டிய பணத்தை உங்களிடமிருந்து திரும்ப எடுப்பதுதான் சார்ஜ்பேக். மார்த்தாண்டத்திலிருந்து தேன் பெட்டி கிளம்பியதற்கு மட்டும்தான் அந்த ரசீது சாட்சி. 'பொருள் வரவில்லை' என்பது புகார் என்றால், ஆர்டரில் உள்ள அதே முகவரியில் எந்தத் தேதியில் யார் வாங்கினார் என்ற டெலிவரி சான்றும் வேண்டும், அதற்கு அப்புறம் அவரே 'கிடைச்சது, ஒரு பாட்டில் மூடி லூஸ்' என்று வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தால் இன்னும் நல்லது, தேதியும் ஆர்டரில் உள்ள நம்பரும் தெரிய ஸ்கிரீன்ஷாட் எடுங்கள்.

டெலிவரி கையெழுத்து போதும் என்று சிலர் சொல்வது பாதி சரி. 'கார்டை நான் பயன்படுத்தவே இல்லை' என்று புகார் வந்தால் அந்தக் கையெழுத்து தனியாக நிற்காது, ஓடிபி போட்டதற்கான பதிவை பேமென்ட் கேட்வேயிடம் கேளுங்கள். சார்ஜ்பேக் பற்றி வந்த மெயிலில் உள்ள கடைசித் தேதியைத் தவறவிட்டால் இத்தனை சான்றையும் யாரும் பார்க்கமாட்டார்கள்.